பத்து டிப்ஸ் நான்கான கதை: ஆழமான பட்டியல் கட்டுரை எழுதும் முறை

மார்கழியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து சித்தி போன் செய்தார். வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கிறார்கள். ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவு வைத்தது வைத்தபடியே இருக்கிறது. முந்தின வாரம்தான் நான் ஓர் இணைய இதழுக்கு "இட்லி மாவு நன்றாகப் பொங்க 10 டிப்ஸ்" என்று எழுதியிருந்தேன். அதைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்.

"பத்தும் படிச்சுப் பாத்தேன் கண்ணு. என்ற மாவுக்கு இப்ப என்ன ஆச்சுன்னு அதுல இல்லியே?"

அவர் சொன்னது சரி. கட்டுரையில் பொய்யாக ஒன்றும் இல்லை. ஆனால் சிக்கலோடு வந்த ஒருவருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அந்தக் கட்டுரையை முழுக்கப் பிரித்துத் திரும்ப எழுதினேன். எழுதும்போது கற்றுக்கொண்டதை, புதிதாக எழுத வருபவர்களுக்குப் பயன்படும் விதத்தில் இங்கே சொல்கிறேன். மாவுக் கட்டுரையையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஒரே உதாரணத்தோடு போனால்தான் எங்கே என்ன மாறியது என்று தெரியும்.

பட்டியல் கட்டுரை என்பதை ஆங்கிலத்தில் லிஸ்டிக்கிள் என்பார்கள். தலைப்பில் ஓர் எண், உள்ளே எண் போட்ட குறிப்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பத்தி. படிப்பவருக்கு இந்த வடிவம் வசதியானது. எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே தெரியும், வேண்டாததைத் தாண்டிப் போகலாம். எழுதுபவருக்கு அதைவிட வசதி, ஒரு குறிப்புக்கும் அடுத்த குறிப்புக்கும் பாலம் கட்ட வேண்டியதில்லை. அந்த இரண்டாவது வசதியில்தான் கட்டுரை மெலிந்துபோகிறது.

மெலிந்த குறிப்பைக் கண்டுபிடிப்பது

என் பழைய பட்டியல் இப்படி இருந்தது: தரமான இட்லி அரிசி வாங்குங்கள். நல்ல உளுந்தாகப் பாருங்கள். போதிய நேரம் ஊற வையுங்கள். சுத்தமான தண்ணீர் பயன்படுத்துங்கள். நைசாக ஆட்டுங்கள். கொஞ்சம் வெந்தயம் சேருங்கள். அளவாக உப்புப் போடுங்கள். கையால் கலக்குங்கள். வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். பொறுமையாக இருங்கள்.

முதல் சோதனை மிக எளிது. ஒவ்வொரு குறிப்பையும் தலைகீழாகத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். "மட்டமான அரிசி வாங்குங்கள்" என்று யாராவது சொல்வார்களா? "அழுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று? தலைகீழ் வாக்கியத்தை உலகத்தில் ஒருவரும் சொல்ல மாட்டார் என்றால், நேர் வாக்கியத்திலும் சேதி இல்லை என்று அர்த்தம். என் பத்தில் ஐந்து இங்கேயே விழுந்தன: தரமான, நல்ல, போதிய, சுத்தமான, பொறுமையாக. இந்தச் சொற்களைக் கவனியுங்கள். "போதிய நேரம்" என்று எழுதும்போது, எத்தனை மணி நேரம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தேடியிருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் ஓர் அடைமொழியைப் போட்டு இடத்தை மூடியிருந்தேன். "அளவாக" என்பதும் அதே ரகம். மெலிந்த பட்டியலில் எண் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஓர் அடைமொழி உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது சோதனை, தலைப்பை மறைத்துவிட்டுக் கீழே உள்ள பத்தியை மட்டும் படிப்பது. பிறகு பத்தியை மறைத்துவிட்டுத் தலைப்பை மட்டும் படிப்பது. இரண்டிலும் ஒரே விஷயம் கிடைத்தால் பத்தி வெறும் எதிரொலி. நான் எழுதியிருந்தது இது: "வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். மாவு பொங்குவதற்கு வெதுவெதுப்பு மிகவும் அவசியம். எனவே ஆட்டிய மாவை எப்போதும் வெதுவெதுப்பான இடத்தில் வைப்பது நல்லது." மூன்று வாக்கியம், ஒரு சேதி. படிப்பவர் இந்த விதத்தை இரண்டு குறிப்புகளுக்குள் கண்டுபிடித்துவிடுவார். மூன்றாவதிலிருந்து பத்திகளைத் தொட மாட்டார், தடித்த எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டே விரலால் தள்ளுவார். அதில் புதிதாக ஒன்றும் கண்ணில் படவில்லை என்றால் போய்விடுவார். அவருக்குப் பொறுமை இல்லை என்று சொல்வது நியாயமாகாது. பத்தியில் ஒன்றும் இருக்காது என்று நாம்தான் அவருக்குப் பழக்கிவிட்டோம்.

மூன்றாவது, ஒரே விஷயத்தை இரண்டாகப் பிரித்து எண்ணிக்கை ஏற்றுவது. நல்ல அரிசி ஒன்று, நல்ல உளுந்து ஒன்று. ஏன் பிரித்தேன்? தலைப்பில் 10 என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன், ஒன்பதுதான் கையில் இருந்தது. எண்ணை முதலில் வைத்தால் இந்தத் தவறு கிட்டத்தட்டக் கட்டாயம் நடக்கும்.

ஆழம் எங்கிருந்து வரும்

ஆழம் என்றவுடன் பத்தியை நீளமாக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒரு குறிப்பிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். ஏன் அப்படி? எவ்வளவு? சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? எப்போது இது பொருந்தாது? இந்த நான்குக்கும் உங்களிடம் பதில் இருந்தால் குறிப்பு தானாகவே கனமாகும். ஒன்றுக்கும் பதில் இல்லை என்றால் உங்களுக்கு அந்தக் குறிப்பு இன்னும் தெரியாது. கேட்டோ செய்தோ தெரிந்துகொண்டு வர வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

"ஏன்" என்ற கேள்வி என் மாவுக் கட்டுரையை என்ன செய்தது என்று சொல்கிறேன். மாவு ஏன் பொங்குகிறது? உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் மாவில் பெருகுகின்றன. அவற்றில் முக்கியமானது லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. அது மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. அமிலத்தால் புளிப்பு. வாயுவால் பொங்கல்.

இந்த மூன்று வரி தெரிந்ததும் எட்டாவது குறிப்பு உடைந்தது. கையால் கலக்கினால்தான் பொங்கும், கையில் உள்ள சூடும் கிருமியும்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்கிறோம். நானும் அப்படியே எழுதியிருந்தேன். நுண்ணுயிர் தானியத்தோடே வந்துவிடுகிறது என்றால் கரண்டியால் கலக்கினாலும் பொங்கத்தான் வேண்டும். ஒரே மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கையாலும் மற்றதைக் கரண்டியாலும் கலக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். காலையில் இரண்டும் ஒரே உயரம். உப்பு எல்லாப் பக்கமும் பரவக் கை வசதியானது, அவ்வளவுதான். அந்தக் குறிப்பை எடுத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிதாக இன்னொன்று தெரிந்தது. புளிப்பது வேறு, பொங்குவது வேறு. பேச்சில் இரண்டையும் ஒன்றாக்கி "மாவு புளிச்சுப் பொங்கிடுச்சு" என்கிறோம். ஆனால் வாயு உண்டாவது ஒரு வேலை, உண்டான வாயுவை மாவு பிடித்து வைப்பது இன்னொரு வேலை. பிடித்து வைப்பது பெரும்பாலும் உளுந்து. அதன் புரதமும் அந்த வழவழப்பும் சேர்ந்து சின்னச் சின்னக் குமிழிகளைச் சுற்றிச் சுவர் மாதிரி நிற்கின்றன. உளுந்து சரியில்லை என்றால் மாவு நன்றாகப் புளிக்கும், ஆனால் எழும்பாது. வாயு மேலே வந்து போய்விடும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு பத்துக் குறிப்பை இருபதாக்க வேண்டும் என்று தோன்றவில்லை. பட்டியலையே வேறு விதமாக வெட்ட வேண்டும் என்று தோன்றியது.

எந்தப் பக்கமாக வெட்டுவது

புதிதாக எழுதுபவர்களிடம் நான் அதிக நேரம் பேசுவது இதைப் பற்றித்தான். ஒரே விஷயத்தைப் பல பக்கமாக வெட்டிப் பட்டியலாக்கலாம். என் பழைய பட்டியல் எழுதுபவரின் பக்கமாக வெட்டியது. அரிசி, உளுந்து, தண்ணீர், உப்பு என்று சமையல் நடக்கும் வரிசையில் எனக்குத் தெரிந்ததை அடுக்கியிருந்தேன். சித்தி நின்ற இடம் வேறு. அவர் முன்னால் ஒரு பாத்திரம் இருக்கிறது, அதில் பொங்காத மாவு இருக்கிறது. அவர் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் அவருக்கு நுழைவாசல். அரிசியின் தரத்தை அந்த நேரத்தில் அவரால் பார்க்க முடியாது, மாற்றவும் முடியாது.

அதனால் கையில் இருந்த எல்லாக் குறிப்பையும் துண்டுத் தாளில் ஒவ்வொன்றாக எழுதி மேசையில் பரப்பினேன். ஒவ்வொரு தாளின் பின்னாலும், "இது தவறினால் காலையில் கண்ணுக்கு என்ன தெரியும்?" என்று எழுதினேன். பிறகு பின்பக்கத்தைப் பார்த்து அடுக்கினேன். இருபது தாளுக்கு மேல் இருந்தது, நான்கே அடுக்கு வந்தது.

மாவு அதே உயரத்தில் இருக்கிறது, முகர்ந்தால் பச்சை உளுந்து வாசனைதான் வருகிறது, புளிப்பே இல்லை. இது ஒன்று. நுண்ணுயிர் வேலையே தொடங்கவில்லை, காரணம் குளிர் அல்லது நேரம் போதாமை.

நன்றாகப் புளித்த வாசனை வருகிறது, மாவு கீழேதான் இருக்கிறது, ஆனால் பாத்திரத்தின் உள்சுவரில் மாவுக்கு மேலே காய்ந்த கோடு ஒன்று தெரிகிறது. இது இரண்டு. மாவு ராத்திரியிலேயே பொங்கி, அந்தக் கோடு வரை ஏறி, பிறகு அமிழ்ந்துவிட்டது. தாமதமாகப் பார்த்திருக்கிறோம். வெயில் காலத்தில் இதுதான் அதிகம்.

புளித்த வாசனை இருக்கிறது, சுவரில் கோடு இல்லை, மாவு தண்ணியாக ஓடுகிறது. இது மூன்று. வாயு உண்டாகிப் போய்விட்டது, பிடித்து வைக்க ஆளில்லை. உளுந்து பழசாக இருக்கலாம், சரியாக ஆட்டாமல் இருக்கலாம், அல்லது தண்ணீர் கூடியிருக்கலாம்.

மாவு அழகாகப் பொங்கியிருக்கிறது, ஆனால் இட்லி கல்லாக வருகிறது. இது நான்கு. இங்கே சிக்கல் பொங்குவதில் இல்லை. அரிசி விகிதம் கூடியிருக்கும், அல்லது ஊற்றும் முன் மாவை அடித்துக் கலக்கிக் குமிழிகளை உடைத்திருப்போம்.

இந்த வெட்டில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. படிப்பவர் நான்கையும் செய்து பார்க்க வேண்டியதில்லை. தன் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு நேராகத் தனக்குரிய இடத்துக்குப் போகலாம். மற்ற மூன்றையும் பெரும்பாலானவர்கள் படிப்பார்கள், ஏனென்றால் அடுத்த மாதம் அது தனக்கு நடக்கலாம் என்று தெரியும்.

வெட்டு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எல்லாக் குறிப்பும் ஒரே வாக்கியத்தின் காலி இடத்தை நிரப்ப வேண்டும். என் புதுப் பட்டியலின் வாக்கியம் இது: "உங்கள் மாவு இப்படி இருந்தால், நடந்தது இது." நான்கும் அதில் உட்காருகின்றன. பழைய பத்தை அப்படி ஒரு வாக்கியத்தில் போட முடியாது. சில பொருள், சில செயல், ஒன்று புத்திமதி. தமிழில் இது நமக்குப் பழைய பழக்கம்தான். திரிகடுகத்தில் ஒவ்வொரு பாட்டும் மூன்று விஷயங்களைச் சொல்லி, மூன்றையும் ஒரே முடிவில் கட்டும். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தால்தான் அந்த மருந்து என்பதிலிருந்து வந்த பெயர் அது. அந்த முடிவுச் சொல்லோடு ஒட்டாத ஒன்றை மூன்றில் ஒன்றாக வைக்க முடியாது. நாமும் நம் பட்டியலிடம் அதைக் கேட்கலாம்.

ஒரு குறிப்பை முழுக்க எழுதிப் பார்ப்பது

மேலே எதிரொலி என்று காட்டினேனே, "வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள்", அதை எடுத்துக்கொள்வோம். புதுப் பட்டியலில் அது முதல் நிலைக்குள் வருகிறது. நான்கு கேள்வியையும் வரிசையாக அதனிடம் கேட்டேன்.

ஏன்? இந்த நுண்ணுயிர் குளிரில் மெதுவாகப் பெருகும். எவ்வளவு? மாவு இருக்கும் இடம் 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடியும். மார்கழி ராத்திரியில் கோயம்புத்தூர்ச் சமையலறை அதைவிடக் குளிரும், ஊட்டியில் கேட்கவே வேண்டாம். எப்படித் தெரியும்? பாத்திரத்தின் வெளியே மாவு மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டால் எவ்வளவு ஏறியது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் உள்ளே தெரியாது, அதனால் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மாவை எடுத்துப் பக்கத்தில் வைத்து அதில் மாட்டலாம். எப்போது பொருந்தாது? சூடு கூடினாலும் நல்லதல்ல. 40 டிகிரியை நெருங்கினால் நமக்கு வேண்டிய பாக்டீரியா தளர்ந்துவிடும்.

பதில்கள் கையில் வந்த பிறகு எழுதியது இது:

> புளிப்பு வாசனையே இல்லையா? மாவு கெடவில்லை, இன்னும் தொடங்கவில்லை
>
> மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பச்சை உளுந்து வாசனை மட்டும் வந்தால் மாவைக் கொட்ட வேண்டாம். சமையலறை குளிர்ந்திருந்ததால் நுண்ணுயிர் இன்னும் பெருகவில்லை. சுமார் 30 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தால் பொங்கும் மாவு, 20 டிகிரியில் அதைவிட வெகு நேரம் கேட்கும். மூடிய ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள், ஓவனைச் சூடாக்க வேண்டாம். ஓவன் இல்லை என்றால் பெரிய பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி மூடி, தண்ணீர் ஆறியதும் மாற்றுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மாவு எடுத்து, மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டிப் பக்கத்திலேயே வையுங்கள். டம்ளரில் ஒன்றரை மடங்காவது ஏறினால் இட்லி ஊற்றலாம். கொதிக்கும் தண்ணீரில் இறக்கினால் ஓரத்து மாவு வெந்துவிடும், நுண்ணுயிரும் சாகும். இன்று காலைக்குள் ஏறாது என்றால் கவலைப்படாமல் தோசையாக ஊற்றிவிட்டு, மீதியை மத்தியானம் வரை வெளியிலேயே வையுங்கள்.

இதைப் பழைய மூன்று வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீளம் கூடியிருக்கிறது. ஆனால் வெட்டிச் சுருக்க முயன்றால் எந்த வாக்கியத்தை எடுத்தாலும் ஏதோ ஒன்று குறையும். முகர்வது சோதனை, குளிர் காரணம், ஓவன் விளக்கும் வெந்நீர்ப் பாத்திரமும் வழி, டம்ளர் அளவுகோல், கொதிநீர் எச்சரிக்கை. கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியம். இன்று காலை ஆறரை மணிக்கு நிற்பவருக்கு, அடுத்த முறைக்கான புத்திமதியைவிட இன்று இலையில் என்ன போடுவது என்பதுதான் அவசரம்.

மூன்றாவது நிலையில் ஒரு சின்ன சோதனையைச் சேர்த்தேன். ஆட்டிய உளுந்து மாவில் ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை, தண்ணீர் தெளித்துத் தெளித்து இன்னும் ஆட்ட வேண்டும். "நைசாக ஆட்டுங்கள்" என்ற பழைய குறிப்பு சொல்ல வந்தது இதைத்தான், ஆனால் எது நைஸ் என்று அதில் இல்லை. மிக்ஸியில் ஆட்டுபவருக்கு மாவு சூடாகும் சிக்கலும் உண்டு, அதனால் குளிர்ந்த தண்ணீர் தெளிக்கச் சொல்லி ஒரு வரி. வெந்தயமும் இந்த நிலைக்குள்ளேயே வந்துவிட்டது, அதன் வழவழப்பும் உளுந்துக்குத் துணை நிற்பதால். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டீஸ்பூன். தனிக் குறிப்பாக இருந்தபோது வெந்தயம் ஏன் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

உப்புக்கு ஒரே வாக்கியம் போதுமாக இருந்தது: அளவுக்கு மேல் போட்டால் பொங்குவது தாமதமாகும், குளிர் காலத்தில் பொங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம். பழைய கட்டுரையில் அதற்கும் மூன்று வரி கொடுத்திருந்தேன், மற்றவற்றோடு உயரம் சமமாக இருக்க வேண்டுமே என்று. அந்தச் சமம் படிப்பவருக்கு ஓர் உதவியும் செய்வதில்லை. என் புதுக் கட்டுரையில் முதல் நிலையும் மூன்றாவது நிலையும் நீளம், இரண்டாவது நாலே வரி. எது சிக்கலானதோ அது இடம் எடுத்துக்கொள்ளட்டும்.

தலைப்பு, வரிசை, எண்

எண் கடைசியில்தான் வரும். அடுக்கியபோது நான்கு வந்ததால் நான்கு. ஐந்தாக்கினால் தலைப்பு நன்றாக இருக்கும் என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் சொன்னார். ஐந்தாவது நிலை ஒன்று உண்மையிலேயே இருந்தால் சேர்க்கிறேன் என்றேன், தேடியும் பார்த்தேன். மாவில் இளஞ்சிவப்பு அல்லது கருப்புப் புள்ளி, முகம் சுளிக்க வைக்கும் நாற்றம் என்பது தோன்றியது. ஆனால் அது பொங்காத மாவு இல்லை, கெட்டுப்போன மாவு. பட்டியலின் வாக்கியத்தில் அது உட்காரவில்லை. முன்னுரையில் ஒரு வரியாகப் போட்டேன்: புள்ளியோ பூஞ்சையோ தெரிந்தால் இந்தக் கட்டுரை வேண்டாம், மாவைக் கொட்டிவிடுங்கள்.

உள்தலைப்புகளில் பெயர்ச்சொல்லை மட்டும் வைக்காதீர்கள். "வெப்பம்", "உளுந்து" என்றால் தாண்டிப் போகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. "மாவு கெடவில்லை, இன்னும் தொடங்கவில்லை" என்றால் தலைப்பை மட்டும் படித்தவருக்கும் ஒரு பதில் கிடைக்கிறது, கூடவே ஏன் என்று பத்திக்குள் இறங்கவும் தோன்றுகிறது. தலைப்பு முடிவைச் சொல்ல வேண்டும், பத்தி அந்த முடிவை எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்ல வேண்டும். அப்படிப் பிரித்துக்கொண்டால் எதிரொலி வரவே வராது.

வரிசைக்கு நான் பார்ப்பது, படிப்பவர் எதை முதலில் சோதிக்க முடியும் என்பதை. முகர்வதற்கு ஒரு நொடி, அதனால் வாசனை முதலில். புளிப்பு இருந்தால் அடுத்து சுவரில் கோடு. கோடு இல்லை என்றால் கரண்டியில் எடுத்து ஊற்றிப் பார்ப்பது. மூன்றும் நன்றாக இருந்தால்தான் நான்காவது. இப்படி வரும்போது ஒவ்வொரு குறிப்பும் "முன்னது இல்லை என்றால்" என்று தொடங்க முடிகிறது. எழுதுபவருக்குப் பாலம் கட்ட வேண்டியதில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? அந்தப் பாலத்தைக் கட்டிவிட்டால் பட்டியல் ஒரு நூலில் கோத்த மாதிரி ஆகிவிடுகிறது. குறிப்புகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மாற்றியும் ஒன்றும் கெடவில்லை என்றால் இன்னும் கோக்கவில்லை.

முன்னுரையைச் சுருக்கமாக முடியுங்கள். இட்லியின் பெருமையை யாரும் தேடி வரவில்லை. என்ன சிக்கல், எப்படிப் படிக்க வேண்டும், இரண்டு வரி போதும்.

எல்லாப் பட்டியலுக்கும் இவ்வளவு வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது எடுத்துவைக்க வேண்டியவை, பத்திரப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டிய காகிதங்கள் போன்றவை வெறும் சரிபார்ப்புப் பட்டியல்கள். அங்கே ஒவ்வொன்றுக்கும் பத்தி எழுதினால் தொல்லைதான். அதேபோல் முதலிலிருந்து கடைசி வரை ஒரே வாதமாகப் போகும் விஷயத்தை எண் போட்டு நறுக்கினாலும் கெட்டுவிடும். உளுந்து ஏன் வாயுவைப் பிடிக்கிறது என்பதை மட்டும் எழுதுவதாக இருந்தால் நான் பட்டியலாக்க மாட்டேன், தொடர் கட்டுரையாகத்தான் எழுதுவேன். தனித்தனியாக நிற்கக்கூடிய, ஆனால் ஒரே கேள்விக்குப் பதிலாக வரும் விஷயங்களுக்குத்தான் இந்த வடிவம்.

படிக்கக் கொடுத்துப் பார்ப்பது

எழுதி முடித்ததும், அந்தச் சிக்கல் உண்மையிலேயே உள்ள ஒருவரிடம் கொடுத்து, அவர் விரலைக் கவனியுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். எங்கே வேகமாகத் தள்ளுகிறார், எங்கே நிறுத்துகிறார், எங்கே மேலே திரும்பிப் போகிறார் என்று பாருங்கள். வேகமாகத் தள்ளிய இடம் எதிரொலியாக இருக்கும். திரும்பிப் போன இடத்தில் நீங்கள் எதையோ சொல்லாமல் விட்டிருப்பீர்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தியிடம் புது வடிவத்தைக் காட்டினேன். முதல் நிலையைப் படித்தார். இரண்டாவதில் சுவர்க் கோடு என்ற இடத்தில் நிறுத்தி, "ஆமா, வெயில் காலத்துல இப்படித்தான் இருக்கும்" என்றார். மூன்றாவதைப் பாதி படித்தவர் மறுபடி முதல் நிலைக்குப் போனார்.

"ஏங்கண்ணு, ஃபிரிட்ஜுல வெச்ச மாவுக்கும் இதேதானா? நான் அன்னிக்குப் பழைய மாவு ஒரு கரண்டி எடுத்துப் புது மாவுல கலந்தேனே, அது ஃபிரிட்ஜுல இருந்த ஜில்லு மாவு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் நிலையில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: பழைய மாவை உறையாகச் சேர்ப்பதாக இருந்தால், அதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு கலக்குங்கள்.